கோயம்பேட்டில் நீட்டிய கை

2024 ஆகஸ்ட் 12

விரிசல் விழுந்த கட்டடங்களை ஆராய்வது என் தொழில் என்பதாலோ என்னவோ, கோடுகளைப் பார்த்து வாழ்க்கையைச் சொல்பவர்களை நான் நம்பியதே இல்லை. இன்று மாலை கோயம்பேட்டில் நகரப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தூணோரம் துணி விரித்து அமர்ந்திருந்த கைரேகைப் பெரியவர் என்னை அழைத்தார். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகு நாளுக்கு நான்கு பேர்கூட வருவதில்லை என்று அவர் சொன்னதும் மறுக்க மனம் வரவில்லை.

என் வலக்கை விரல்களைப் பின்னோக்கி வளைத்து, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, பூதக்கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார். விதி ரேகை சனி மேட்டை எட்டாமல் நின்றுவிட்டதால் உழைப்புக்கேற்ற பெயர் இன்னும் வரவில்லை என்றார். கட்டட வேலை, முதுகு வலி, வீட்டுப் பெரியவர் ஒருவருக்காக மருத்துவமனை அலைச்சல் என்று அவர் சொன்ன அனைத்தும் சரியாக இருந்தன. ரேகைகள் வெளுத்திருக்கின்றன, இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னார். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

2024 ஆகஸ்ட் 13

இரவெல்லாம் அதே நினைவு. சிமென்ட் பட்டு வெடித்த விரல் நுனிகள் என் தொழிலைக் காட்டிக்கொடுத்திருக்கும். அமரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மடியில் அப்பாவின் ஸ்கேன் உறை இருந்தது. உழைப்புக்கேற்ற பெயர் இல்லை என்பதை யார்தான் மறுப்பார்கள்? 1948இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே குணவிவரத்தை, தனித்தனியாகக் கணித்ததாகச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதன் துல்லியத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கு மேல் மதிப்பெண் அளித்தார்கள்.

ரேகைகளோ, கரு மூன்று மாதம் வளர்வதற்குள்ளாகவே பெரும்பாலும் உருவாகிவிடும் மடிப்புகள். ஆயுள் ரேகை கட்டைவிரல் மடங்கும் இடத்திலும், புத்தி ரேகையும் இருதய ரேகையும் மற்ற விரல்கள் மடங்கும் இடத்திலும் விழுகின்றன. ஆனாலும் ஊகித்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். சாய்வாக ஓடும் ஒரு விரிசலைப் புகைப்படத்தில் பார்த்தே அடித்தளம் இறங்கியிருக்கலாம் என்று என்னால் சொல்ல முடிகிறது. ரேகையிலும் செய்தி இருக்குமானால் அச்சே போதுமல்லவா?

2024 ஆகஸ்ட் 17

முத்திரை மையில் என் வலக்கையைப் பதித்து, நண்பருடையது என்று சொல்லிப் பெரியவரிடம் நீட்டினேன். படிப்பு பாதியில் நின்றவர், வியாபாரி, வெளிநாட்டு யோகம் உண்டு என்றார். இரண்டு பட்டம் பெற்று, ஊரை விட்டு நகராத என் கை அது. உண்மையைச் சொன்னபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "தாளில் ஆள் இல்லையே, தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து என் கையை மீண்டும் வாங்கி விரித்து, பக்கத்தில் தம் கையையும் விரித்து வைத்தார். அவருடைய ரேகைகளுக்குள் செம்மை தெரிந்தது. என்னுடையவை காகிதத்தை மடித்த தடம்போல இருந்தன. "மற்றதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். இதை மட்டும் போய்க் காட்டுங்கள். என் வீட்டுக்காரியின் கை இப்படித்தான் இருந்தது, எனக்கு அப்போது தெரியவில்லை."

2024 ஆகஸ்ட் 20

ஹீமோகுளோபின் 7.1. ஆணுக்கு 13க்குக் குறையக் கூடாது. படியேறும்போது வந்த மூச்சிரைப்பை வயதின் கணக்கில் எழுதியிருந்தேன். உள்ளங்கை ரேகையின் வெளுப்பை மருத்துவர்களும் பார்ப்பதுண்டு என்றும், ஆனால் இரத்தம் நன்றாகக் குறைந்த பிறகே அது தெளிவாகத் தெரியும் என்பதால் ரேகை சிவந்திருப்பதைக் கொண்டு சோகை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றும் மருத்துவர் விளக்கினார். என் வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடியாக வேண்டுமாம். முதுகு வலிக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்டார். ஏறக்குறைய ஓராண்டாக, கடையில் நானே வாங்கி, தினமும் இரண்டு. மலம் கறுத்துப் போனதா என்று கேட்டபோதுதான் அதுவும் நினைவுக்கு வந்தது.

2024 ஆகஸ்ட் 23

எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண் தெரிந்தது.

2024 செப்டம்பர் 14

ஹீமோகுளோபின் 9.2 ஆகிவிட்டது. முடிவுத் தாளோடு கோயம்பேட்டுக்குப் போனேன். வெளுத்த கைகளைக் கண்டால் எல்லோரிடமும் சொல்வீர்களா என்று கேட்டேன். சொல்வதாகவும், பலர் அதைப் பரிகாரத்துக்குப் பணம் கேட்கும் முன்னுரை என்று நினைத்து எழுந்துவிடுவதாகவும், சிலர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று திட்டியதாகவும் சொன்னார். பிறகு ஏன் விதி ரேகையும் சனி மேடும் என்று கேட்க நினைத்தேன். அதற்குத்தானே நூறு ரூபாய் தருகிறார்கள் என்பதும் தோன்றியதால் கேட்கவில்லை.

தாளை அவர் வாங்கவில்லை. கையைத்தான் வாங்கி, விரல்களை வளைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இன்னும் சிவக்க வேண்டும்" என்றார். "அந்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்தானே?"