20 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கிய கதை

மூன்று பேராகச் சேர்ந்து நிறுவனங்களுக்கான வருகைப் பதிவு மென்பொருள் ஒன்றை விற்றுவருகிறோம். இந்தக் கதை நடந்த சமயத்தில் 140 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லோரும் மாதச் சந்தாவில் இருந்தார்கள். கையில் பணம் சேரவில்லை. ஒரு வருடத்துக்கான பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடலாம், அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி தரலாம் என்று முடிவெடுத்தோம். எவ்வளவு தருவது என்பதற்கு நாங்கள் செலவிட்ட நேரம் அரை மணி. இதே துறையில் இருக்கும் ஐந்தாறு நிறுவனங்களின் விலைப் பக்கங்களைத் திறந்தோம். சிலர் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள், அது 16.7 சதவீதம். சிலர் 20 என்றார்கள். நாங்களும் 20 என்று போட்டோம்.

ஆறு வாரத்தில் 46 பேர் ஆண்டுத் திட்டத்துக்கு மாறினார்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதற்கே சுகமாக இருந்தது. இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம்.

எங்கள் கணக்குகளைப் பார்ப்பவர் வயதில் மூத்த பெண்மணி. அந்தக் காலாண்டுக் கணக்கை முடிக்கும்போது, இந்த 20 எப்படி வந்தது என்று கேட்டார். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு கணக்கைக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், அவர் கேட்பார் என்று தெரிந்து முந்தைய இரவு போட்ட கணக்கு அது. மாதச் சந்தாக்காரர் ஒவ்வொரு மாதமும் விலகக்கூடும். அதனால் அவரிடமிருந்து 12 மாதப் பணமும் வரும் என்று நம்ப முடியாது. வருகிற பணமும் தவணை தவணையாக வருகிறது, அதற்கு வட்டி இழப்பு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு தள்ளுபடி தந்தால் நமக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்பது வந்துவிடும்:

```
q = (1 - c) / (1 + r)
d = 1 - (1 - q^12) / (12 * (1 - q))
```

`c` என்பது மாத விலகல் விகிதம். `r` என்பது நமக்குக் கடன் கிடைக்கும் மாத வட்டி. `d` என்பது சமன் ஆகும் தள்ளுபடி. எங்கள் சராசரி விலகல் மாதம் 3 சதவீதம், வட்டி மாதம் 1 சதவீதம். போட்டுப் பார்த்தால் 19 சதவீதம் வந்தது. குத்துமதிப்பாகப் போட்ட 20 கிட்டத்தட்ட சரியாக இருந்ததே என்று உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தேன்.

அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, மாறிய 46 பேரில் இந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் விலகியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு காலமாக எங்களிடம் இருக்கிறார்கள் என்று குறித்தேன். 46 பேரில் 38 பேர் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர்கள். பிறகு மொத்த வாடிக்கையாளர்களையும் அதே போல இரண்டாகப் பிரித்தேன். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு வருடம் தாண்டியவர்களிடையே மாத விலகல் 0.8 சதவீதம். புதியவர்களிடையே 5 சதவீதத்துக்குச் சற்று மேல். நான் நம்பிய 3 சதவீதம் இந்த இரண்டின் நடுவே இருந்த ஓர் எண். அப்படி நடந்துகொள்ளும் வாடிக்கையாளர் ஒருவர்கூட எங்களிடம் இல்லை.

`c` இடத்தில் 0.008 போட்டால் விடை சுமார் 9 சதவீதம். அதாவது அந்த 38 பேருக்கும் 9 தந்தாலே நாங்கள் சமன். தந்ததோ 20. மீதி 11 சதவீதம், எப்படியும் இருந்திருக்கப் போகிறவர்களுக்கு நாங்களாகக் கொடுத்த நன்கொடை. 38 பேருக்கு 11 சதவீதம் என்றால், ஏறக்குறைய நான்கு வாடிக்கையாளர்களின் முழு ஆண்டுக் கட்டணம். அதுவும் ஒரு முறையோடு போவதில்லை, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் திரும்பத் திரும்பப் போகும்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வருடப் பணத்தை முன்னால் கட்டத் துணிகிறவர், அந்த மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவராகத்தான் இருப்பார். போகலாமா இருக்கலாமா என்று தயங்குகிறவர் 20 என்ன, 30 தந்தாலும் மாதக் கட்டணத்திலேயே இருப்பார். ஆக, தள்ளுபடி யாரைப் பிடித்து நிறுத்த வேண்டுமோ அவர்கள் அதை எடுப்பதில்லை.

இன்னொரு கோணத்திலும் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு உறைத்தது அதுதான். மாதக் கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதத் தள்ளுபடியில் வாடிக்கையாளர் இன்று 960 தருகிறார். மாதச் சந்தா என்றாலும் இன்று 100 தந்திருப்பார். ஆகவே இன்று கூடுதலாகக் கைக்கு வருவது 860. அதற்குப் பதிலாக அடுத்த 11 மாதம், மாதம் 100 வீதம் நாம் வாங்காமல் விடுகிறோம். 860 கடன் வாங்கி, 11 தவணையில் 1,100 திருப்பித் தருவதற்குச் சமம் இது. வட்டி மாதம் 4.3 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கந்துவட்டியை நெருங்குகிற கணக்கு. வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்டிருந்தால் அதில் கால்வாசிக்குக் கிடைத்திருக்கும். இதே கணக்கில் 10 சதவீதத் தள்ளுபடி என்றால் வட்டி மாதம் சுமார் 2 சதவீதம். இரண்டு மாதம் இலவசம் என்பது மாதம் 3.5 சதவீதம். விலகக்கூடிய வாடிக்கையாளரிடம் இந்த வட்டிக்கு ஓரளவு பலன் உண்டு. நிலைத்திருப்பவரிடம் இது வெறும் கடன்தான்.

புதியவர்களுக்கு மட்டும் அதிகம் தந்தால் என்ன என்று அடுத்து எனக்குத் தோன்றியது. அவர்களுடைய 5 சதவீத விலகலைச் சூத்திரத்தில் போட்டால் சமன் புள்ளி 27-க்குப் போகிறது. முதல் நாளே ஆண்டுத் திட்டம் எடுப்பவர்களுக்கு 20 தொடரட்டும் என்று சில மாதங்கள் விட்டுப் பார்த்தோம். எடுத்தவர்கள் குறைவு. எடுத்தவர்களில் ஒரு நிறுவனம் மூன்றாம் மாதமே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. பணம் திரும்பத் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பது மாதம் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை, பாதியைத் திருப்பித் தந்தோம். நம் மென்பொருளைத் தொடாதவரின் பணத்தையும் முழுதாக வைத்துக்கொள்வோம் என்று அந்தச் சூத்திரம் எண்ணிக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொள்ள மனமும் பலமும் இல்லாதவர்களுக்கு அந்த 27 தாளில்தான்.

இதற்கிடையே பணப் பிரச்சினை வேறு வழியாகத் திரும்பி வந்தது. மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் ஒரே சமயத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிவிட்டதால், ஒன்பதாம் மாதம் அவர்களிடமிருந்து ஒரு காசு வரவில்லை. ஆனால் சேவை தந்தாக வேண்டும், புதிதாக எடுத்த இருவருக்கும் சம்பளம் தர வேண்டும். கணக்குப் புத்தகத்தில் அந்தப் பணம் வருமானமாக இல்லாமல், நாங்கள் தீர்க்க வேண்டிய கடன்பொறுப்பாக ஏன் எழுதப்படுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது வரும் ஆண்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் எடுக்கிறோம். அவசரத்துக்குக் கொஞ்சம் மீறியதும் உண்டு.

புதிய விலை வைக்க உட்கார்ந்தபோது, நாங்கள் இரண்டு பொருட்களை ஒன்றாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. ஒரு வருடம் இருப்பேன் என்கிற உறுதி ஒன்று. பணத்தை முன்னால் தருவது இன்னொன்று. பெரிய நிறுவனங்களுக்கு முதலாவது எளிது, இரண்டாவதற்குத்தான் உள்ளே பல கையெழுத்துகள் வேண்டும். அதனால் பிரித்துவிட்டோம். ஒரு வருட ஒப்பந்தம் போட்டு காலாண்டுக்கு ஒரு முறை கட்டினால் 4 சதவீதம். முழுதும் முன்னால் கட்டினால் 10. கணக்கில் வந்த 9-க்கு மேலே உள்ள ஒன்று, மாதாமாதம் அட்டை காலாவதியாகிப் பணம் பிடிபடாமல் போவதும், அதைத் துரத்தும் வேலையும் மிச்சமாவதற்காக.

கூடவே இரண்டு நிபந்தனைகள். இன்வாய்ஸ் அனுப்பிய 15 நாட்களுக்குள் பணம் வந்தால்தான் 10. இதற்குக் காரணம், முன்பணத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு 75 நாள் கழித்துப் பணம் அனுப்பிய ஒரு வாடிக்கையாளர். அவர்களுடைய கணக்குத் துறைக்கு 60 நாள் கெடு வழக்கமாம். இரண்டரை மாதம் பின்னால் வருவதற்கு முன்பணம் என்று பெயர் வைக்க முடியாது. அடுத்த நிபந்தனை எங்களுக்கே. விற்பனை பேசுகிறவர் இதன் மேல் இன்னொரு தள்ளுபடியைச் சேர்க்கக் கூடாது. முன்பு 20-க்கு மேல் 15 சேர்த்து ஓர் ஒப்பந்தம் 32 சதவீதத் தள்ளுபடியில் போயிருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

மிச்சமிருந்தது பழைய 46 பேரின் புதுப்பித்தல். 20-லிருந்து 10-க்குப் போவது நமக்குத் தள்ளுபடிக் குறைப்பு. வாடிக்கையாளருக்கு 80 கட்டிய இடத்தில் 90, அதாவது 12.5 சதவீத விலை உயர்வு. எனவே முதல் வருடம் 15, மறு வருடம் 10 என்று வைத்து, கெடுவுக்கு 60 நாள் முன்பே ஒவ்வொருவருக்கும் எழுதினோம். நான்கு வருடமாக எங்களிடம் இருக்கும் ஒருவர் அழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"சார், 15 என்றாலும் சரி, 10 என்றாலும் சரி. நிதியாண்டு முடிவதற்குள் இன்வாய்ஸ் வந்துவிடுமா? வராவிட்டால் இந்த வருட ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்" என்றார்.

அவருக்கு 20 சதவீதம் தந்திருந்தோம். எதுவுமே தராமல் இருந்திருந்தாலும் கட்டியிருப்பார். இப்போது முன்பணம் பற்றிப் பேசும் முன் எல்லோரிடமும் முதலில் நிதியாண்டு எப்போது முடிகிறது என்று கேட்கிறேன். 46 பேரில் மூவர் விலகினார்கள், ஏழு பேர் மாதச் சந்தாவுக்குத் திரும்பினார்கள், மற்ற 36 பேர் 15-க்குக் கட்டினார்கள். 10-க்கு இறங்கும் கடிதம் அடுத்த மாதம் போகிறது.