தில்லி மெட்ரோவில் பெட்டியோடு ஏறப் போகிறீர்களா?

தில்லி மெட்ரோவில் பையை எக்ஸ்ரே எந்திரத்தில் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். சோதிப்பது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. ஆண், பெண் வரிசை தனித்தனி. கைபேசி, சாவி, சில்லறையை முன்பே பைக்குள் போட்டுவிடுங்கள். உடல் சோதனை சட்டென்று முடியும்.

பெரும்பாலும் தாமதமாவது பையால்தான். பித்தளைப் பாத்திரம் போன்ற கனமான உலோகத்தை எக்ஸ்ரே எளிதில் ஊடுருவாது. திரையில் கரிய திட்டாகத் தெரிந்தால் திறக்கச் சொல்வார்கள். அதை அடியில் புதைக்காமல் மேலே வையுங்கள். காய் நறுக்கும் கத்தி வேண்டவே வேண்டாம்.

பை முதலில் வெளிவந்துவிடும், நீங்கள் இன்னும் வரிசையில் நிற்பீர்கள். மடிக்கணினிப் பை மாறிப்போவது அப்போதுதான். அடையாளமாக ஒரு வண்ண நாடா கட்டுங்கள். ரயிலைப் பிடிக்க காலை, மாலை நெரிசலில் போகிறவர்கள் இதற்கென்றே 20 நிமிடம் ஒதுக்குங்கள்.