பெரிய, பெரும், மாபெரும்: தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்புத் தாளில் அரை மதிப்பெண்கள் போகும் இடம்

தேர்வு முடிவு வந்துவிட்டது, நான் தேறியாயிற்று. மொழிபெயர்ப்புத் தாளில் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்கிற பலரும் இலக்கணத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் கணிப்பு வேறு. பிக், லார்ஜ், ஹியூஜ் மூன்றில் எதைப் போடுவது என்று தடுமாறும் இடத்தில்தான் அரை அரையாகக் கரைகிறது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

“பெரிய” என்று தலைப்பிட்டு அதற்குக் கீழே ஏழெட்டு ஆங்கிலச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். அந்தப் பட்டியலில் எல்லாச் சொல்லும் ஒரே எடையில் நிற்கும். தேர்வு கேட்பதோ எடை வித்தியாசத்தை.

நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் “மிக” சேர்த்துப் பாருங்கள். “மிகப் பெரிய வீடு” இயல்பாக இருக்கிறது. “மிகப் பெரும் வெற்றி”யும் சரி. “மிக மாபெரும் வெற்றி” என்றால் காதில் இடறுகிறது, “மிகப் பென்னம்பெரிய” என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது: மாபெரும், பென்னம்பெரிய போன்ற சொற்களுக்குள்ளேயே மிகுதி அடங்கியிருக்கிறது, மேலே ஏற்ற இடமில்லை. ஆங்கிலத்திலும் இதே பிரிவு உண்டு. பிக், லார்ஜ் இரண்டும் “வெரி” ஏற்கும். ஹியூஜ், எனார்மஸ் இரண்டுக்கும் எழுத்து நடையில் “வெரி” ஒட்டாது, அழுத்தம் தேவைப்பட்டால் “அப்சல்யூட்லி” வரும். ஆக, “மிக” ஏற்கும் தமிழ்ச் சொல்லுக்கு “வெரி” ஏற்கும் ஆங்கிலச் சொல். ஏற்காததற்கு ஏற்காதது. “வெரி ஹியூஜ்” என்று எழுதினால் திருத்துபவரின் சிவப்பு மை தானாக இறங்கும்.

இந்தச் சோதனை தடுமாறும் இடம் “பிரம்மாண்டமான”. விளம்பர மொழியில் “மிகப் பிரம்மாண்டமான” என்றும் எழுதுகிறார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹியூஜ் அல்லது மேசிவ் மட்டும் போதும், அந்த “மிக”வை விட்டுவிடலாம்.

“பெரும்” என்ற அடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது அங்கேதான். பெரும் என்றாலே தீவிரம் என்று நினைத்து ஹியூஜ் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பல இடங்களில் நடையை மட்டும் உயர்த்துகிறது, அளவை உயர்த்துவதில்லை. பெருந்தொகை என்றால் லார்ஜ் சம். பெரும் பகுதி என்றால் லார்ஜ் பார்ட். பெரும்பாலான என்பதில் அளவே இல்லை, அது வெறும் மோஸ்ட். பெருங்கடல் தனிச் சொல்லாகவே உறைந்துவிட்டது, அதை ஓஷன் என்று எழுதிவிட்டு நகர வேண்டும். உயிரெழுத்துக்கு முன் “பேர்” ஆகும்போதும் கதை இதுதான்: பேருதவிக்கு கிரேட் ஹெல்ப், பேரிழப்புக்கு கிரேட் லாஸ்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்.

“பெருமழை ஓய்ந்த மறுநாள் ஏரிக்கரையில் பெருங்கூட்டம் கூடியது. பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பிரம்மாண்டமான கரையில் விழுந்திருந்த விரிசலைப் பார்த்த பொறியாளர், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்.”

பெருமழைக்கு அளவுச் சொல்லே வராது. ஆங்கிலத்தில் மழையோடு சேர்வது ஹெவி. பெருங்கூட்டம்: “மிகப் பெருங்கூட்டம்” என்று சொல்ல முடிகிறது, எனவே உச்சம் அல்ல, அதோடு இது எண்ணிக்கை சார்ந்தது. லார்ஜ் கிரவுட். “பெரிய பெரிய மரங்கள்” என்பதில்தான் பொறி. இரட்டித்து வந்ததும் “வெரி பிக்” என்று கை போகும். இங்கே இரட்டிப்பு அளவைக் கூட்டவில்லை, பல மரங்கள், ஒவ்வொன்றும் பெரியது என்கிறது. பன்மையே அதைச் சொல்லிவிடுவதால் பிக் ட்ரீஸ் போதும். பிரம்மாண்டமான கரைக்கு ஹியூஜ். கடைசி வரி எதிர்மறை. எதிர்மறைக்குள் போன “பெரிதாக” தன் அளவை இழந்துவிடுகிறது, அங்கே பிக் கூட வேண்டாம், நத்திங் சீரியஸ் என்பதே பொருள். மூன்று வாக்கியங்களுக்குள் பெரு என்ற வேர் நான்கு வடிவங்களில் மாறி மாறி வந்தது, ஆங்கிலத்தில் நான்கும் நான்கு வேறு சொல் ஆயின.

பேச்சு வழக்கில் வரும் “பெரீ...ய” என்ற இழுப்பு வேறு. உரையாடலில் உயிரை நீட்டி எழுதியிருந்தால் அது உண்மையான தீவிரம், ஹியூஜ் போடலாம். கிண்டலுக்காக நீட்டியிருந்தால் (“பெரீ...ய மனுஷன்!”) பிக்தான் சரி, ஏனென்றால் அந்த ஏளனம் ஹியூஜில் வராது.

பிக்குக்கும் லார்ஜுக்கும் இடையே தீவிர வேறுபாடு பெரிதாக இல்லை. அளந்து எண்ணிச் சொல்வதற்கு லார்ஜ், முக்கியத்துவத்துக்கு பிக். அமவுண்ட், நம்பர், குவான்டிட்டி ஆகிய மூன்றுக்கும் லார்ஜ். தவறு, முடிவு, ஏமாற்றம் போன்றவற்றுக்கு பிக், கடுமையானால் ஹியூஜ். “லார்ஜ் மிஸ்டேக்” என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை.

“மிகப் பெரிய” இரண்டு வேலை செய்யும். “உலகின் மிகப் பெரிய பெருங்கடல் பசிபிக்” என்பதில் அது லார்ஜஸ்ட். “அது ஒரு மிகப் பெரிய கட்டடம்” என்பதில் வெரி லார்ஜ். முன்னால் உலகின், நாட்டிலேயே, இவற்றுள் என்று ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தால் உயர்வு ஒப்புமை, “ஒரு” இருந்தால் வெறும் மிகுதி. இரண்டும் இல்லாதபோது அடுத்த வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு பார்க்க:

- பெரிய அண்ணன்: எல்டஸ்ட் பிரதர். ஆங்கிலத்தில் பிக் பிரதர் என்றால் வெறும் அண்ணன்.
- பெரியவர்: எல்டர். பெரிய மனிதர்: செல்வாக்குள்ளவர் என்றால் பிக் மேன். மாமனிதர்: கிரேட் மேன்.
- சுவரொட்டியிலும் அறிவிப்பிலும் வரும் “மாபெரும் முகாம்”: இங்கே மாபெரும் தேய்ந்துபோன சொல். மெகா என்று போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னும் நடக்காத முகாமை ஹியூஜ் என்பது அபத்தம்.
- சின்னஞ்சிறு: இதுவும் “மிக” ஏற்காது. டைனி, முன்னால் வெரி வேண்டாம்.
- பரந்த: நிலப்பரப்புக்கு வாஸ்ட். அறைக்கு அல்ல, அதற்கு ஸ்பேஷியஸ்.

சோதனை செய்தும் முடிவுக்கு வர முடியாவிட்டால் ஒரு படி குறைந்த சொல்லை எடுங்கள். இது என் சுபாவம், மிகையை விரும்புகிறவர்களுக்குக் கசக்கலாம். ஆனால் லார்ஜ் போட்ட இடத்தில் சூழலே மீதியைச் சொல்லிவிடும். மூலத்தில் இல்லாத ஹியூஜைப் போட்டுவிட்டால், நான்கு வரி தள்ளி மூல ஆசிரியர் உண்மையிலேயே “மாபெரும்” என்று எழுதும்போது உங்களிடம் கொடுக்கச் சொல் மிச்சமிருக்காது. அதனால் பத்தி முழுவதையும் படித்து, அதில் மிக உச்சமான அடைமொழி எது என்று பென்சிலால் குறித்து, ஹியூஜை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, பிறகு முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.