விலை இறங்கிய இரவும் கடையில் தங்கிய 11 செட்டுகளும்

சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள்தான் பாதிக்கு மேல். சம்பளம் போட்ட வாரத்தில் கூட்டம், மாதக் கடைசியில் ஈ ஓட்டும் நிலை. ஈப்போவில் ஒரு வாரத்தில் விற்றுத் தீரும் சரக்கு இங்கே ஒன்றரை மாதம்கூட உட்கார்ந்திருக்கும். அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தால் அதன் விலை அப்படியே இருக்கும். கைப்பேசி அப்படியில்லை. அடுத்த மாடல் வெளிவருகிறது என்றாலே இருக்கும் மாடலின் விலை சரியத் தொடங்கிவிடும். அந்தச் சரிவில் ஒரு பகுதியை விநியோகிப்பாளர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் பிரைஸ் புரொடெக்‌ஷன். அது என் கடையில் எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 30, சாயங்காலம். விநியோகிப்பாளரின் ஈப்போ கிளைச் சேல்ஸ்மேன் கைப்பேசியில் அழைத்தார். "பாஸ், ஹர்கா தூருன், எசோக் முலா" என்றார். ஒரு நடுத்தர மாடலின் கடை விலை மறுநாள் முதல் 1,199 வெள்ளியிலிருந்து 999 வெள்ளிக்கு இறங்குகிறது. எங்களுக்கான டீலர் விலை 1,090 வெள்ளியிலிருந்து 910. செட்டுக்கு 180 வெள்ளி வித்தியாசம். என்னிடம் அந்த மாடலில் 11 செட் இருந்தது. அதாவது, விடிந்ததும் 1,980 வெள்ளி மதிப்பு குறைந்துவிடும்.

கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு பக்கம்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் காசு. விலை இறங்கும் நாளுக்கு முந்தைய 45 நாளுக்குள் இன்வாய்ஸ் போட்ட செட்டுகளுக்கு மட்டும். அந்த நாள் தொடங்கும்போது விற்காமலும் ஆக்டிவேட் ஆகாமலும் இருக்க வேண்டும். அந்தச் செட்டுகளின் ஐஎம்இஐ எண் பட்டியலை ஏழு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். பணமாகக் கிடைக்காது, அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டாக மட்டுமே வரும்.

அன்று இரவு கதவை இறக்கிவிட்டு எண்ணினோம். கடைப் பையன் பெட்டிகளை அடுக்க, நான் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் படம் எடுத்தேன். சீலை உடைக்கவே கூடாது. ஒவ்வொரு செட்டின் அடையாளமான ஐஎம்இஐ எண் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. இரண்டு சிம் செட்டில் இரண்டு எண் இருக்கும், கேட்பது முதல் எண். எக்செல்லில் அந்த 15 இலக்கத்தை அப்படியே ஒட்டினால் 3.56E+14 என்பது போலச் சுருங்கிவிடும். முதலில் கட்டத்தை Text என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். எண் சுருங்கிப்போன வரிகளைக் கிளையில் சரிபார்க்கவே மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஏழு நாள் ஓடிவிடும்.

இரவோடு எண்ணியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபர் 1 காலையில் ஒரு செட்டைப் புது விலைக்கு விற்றேன். சேல்ஸ்மேன் வந்து பார்த்தபோது அது கடையில் இல்லை. ஆனால் முதல் நாள் இரவு அது என் அலமாரியில் இருந்தது என்பதற்குப் படம் இருக்கிறது, அக்டோபர் 1 தேதியிட்ட பில்லும் இருக்கிறது. அதனால் அதுவும் கணக்கில் சேர்ந்தது.

சரி, 11 செட்டில் எத்தனை தேறின? எட்டு செட் செப்டம்பரில் இன்வாய்ஸ் ஆனவை. அதில் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்க வைத்தது. வைஃபையில் இணைத்ததுமே நிறுவனத்தின் சர்வரில் ஆக்டிவேட் ஆனதாகப் பதிவாகிவிடும். விற்காவிட்டாலும் அது விற்ற செட் மாதிரிதான். இன்னொன்று கோலகங்சாரில் கடை வைத்திருக்கும் நண்பரிடம், வாடிக்கையாளர் கேட்ட நிறத்துக்காக மாற்றி எடுத்தது. அந்த எண் அவர் பெயரில்தான் இன்வாய்ஸ் ஆகியிருந்தது. என் பட்டியலில் போட்டால் தானாகவே விழுந்துவிடும். அவரை அழைத்து, "அண்ணே, இது உங்க லிஸ்ட்ல போகணும்" என்றேன். படத்தை அனுப்பினேன், அவர் தன் பட்டியலில் சேர்த்து, கிடைத்த தொகையை எனக்குக் கொடுத்தார். நான் கொடுத்த செட்டு அவரிடம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்ததால் அதில் பிரச்சினை வரவில்லை. எனக்கு நேரடியாகத் தேறியது ஆறு.

மீதி மூன்றுதான் வலித்தது. அவை ஆகஸ்ட் 13 இன்வாய்ஸ். 45 நாள் கணக்கு ஆகஸ்ட் 17இல் தொடங்குகிறது. ஆனால் ஈப்போவில் சரக்கு இல்லாமல் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியதால், பெட்டி என் கைக்கு வந்ததே ஆகஸ்ட் 18. நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி ஆர்டரைக் காட்டி வாதாடினேன். என் கடையில் இல்லாத நாட்களையும் சேர்த்து எப்படி எண்ணலாம் என்று இன்றும் கேட்பேன். கடிதத்தில் இன்வாய்ஸ் தேதி என்று இருக்கிறது, அவர்கள் அசையவில்லை. அதன் பிறகு வேறு ஊரிலிருந்து வரும் சரக்கென்றால், லாரி ஏறும் நாளில்தான் இன்வாய்ஸ் போட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன். இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த தகராறு தொகையில். ஆறு செட்டுக்கு 1,080 வெள்ளி வர வேண்டும். ஒப்புதல் வந்ததோ 900 வெள்ளிக்கு. பிரித்துப் பார்த்தால் செட்டுக்கு 150. நான் வாங்கியபோது செட்டுக்கு 30 வெள்ளி கழிவு கொடுத்திருந்தார்கள். அதனால் உங்கள் நிகர விலை 1,060தான், வித்தியாசம் 150தான் என்றார்கள். பொதுவாக அது நியாயமான கணக்கு. பத்து வாங்கினால் இவ்வளவு குறைவு என்று கொடுக்கும் கழிவு, வாங்கிய விலையையே குறைக்கிறது. விலை வித்தியாசத்தை அதற்குப் பிறகு உள்ள விலையிலிருந்துதான் எடுப்பார்கள். ஆனால் என் இன்வாய்ஸில் அந்த 30 வெள்ளிக்கு எதிரே இருந்த காரணம் வேறு: ஏழு நாளுக்குள் பணம் கட்டியதற்கான கழிவு. சீக்கிரம் பணம் கட்டியதற்குக் கொடுத்ததை, சரக்கின் விலைக் குறைப்பு என்று எப்படிச் சொல்வது? அந்த வரியை வட்டமிட்டு, பணம் கட்டிய வங்கி ரசீதோடு கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரிங்க, திருத்திடறேன்" என்றார். 1,080 ஆனது. கழிவுக்கு எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதை வாங்கும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தப் பெயரை மாற்ற முடியாது.

விடுபட்ட மூன்று செட்டுக்கு அக்டோபரில் வேறொரு உதவி வந்தது. அந்த மாதத்துக்குள் விற்று ஆக்டிவேட் ஆகும் செட்டுக்கு 60 வெள்ளி, பிரைஸ் புரொடெக்‌ஷன் வாங்காத செட்டுகளுக்கு மட்டும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது கையிருப்புக்குக் கொடுப்பது, இரண்டாவது விற்றால் கொடுப்பது. தீபாவளிக்கு முன் மூன்றையும் 999க்கே விற்று 180 வெள்ளி பெற்றேன். அந்த மூன்றில் இழந்த 540 வெள்ளியில் அது மூன்றில் ஒரு பங்கு. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை டிஸ்ப்ளே செட் என்று சொல்லியே குறைத்து விற்றேன்.

கிரெடிட் நோட் நவம்பர் ஸ்டேட்மெண்டில்தான் ஏறியது. அதுவரை பழைய பாக்கியை முழுதாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். வந்த நோட்டை 90 நாளுக்குள் அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்காக அவசரப்பட்டு, வயதான மாடலை மொத்தமாகத் தூக்கிவிடக் கூடாது. அடுத்த விலை இறக்கத்துக்கு நாமே சரக்கு சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். நான் அதைச் சார்ஜரிலும் இயர்போனிலும் கழித்தேன். இரண்டும் இங்கே தினமும் போகும்.

இப்போது அந்த விலைக் கட்டத்தில் ஒரு மாடலுக்கு மூன்று, நான்கு செட்டுக்கு மேல் எடுப்பதில்லை. அடுத்த மாடலின் பெயர் சிரிம் சான்றிதழ் செய்திகளில் அடிபடத் தொடங்கினால் பழையதை ஒன்றோ இரண்டோதான். பத்து எடுத்தால் கழிவு அதிகம் என்று சேல்ஸ்மேன் சொல்லும்போது, 45 நாளில் இங்கே எத்தனை போகும் என்று பில் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுகிறேன்.