பச்சை மாவும் பொன்னிறமும்

உணவுத் திருவிழாச் சுவரொட்டிக்காக விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடையில் நான் எடுத்த படம் நன்றாக இருப்பதாகப் பலரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடைக்கார அம்மா சொன்ன ஒரு வாக்கியம் கேட்கிறது.

இருட்டு, ஆவி பறக்கும் வாணலி, அரிக்கேன் விளக்கின் ஒளி ஆகிய மூன்றையும் திருவிழாக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கடையில் அரிக்கேன் கிடையாது. கம்பில் கட்டிய வெள்ளை எல்.இ.டி. பல்புதான் உண்டு. ஆவிக்குப் பின்னாலிருந்து ஒளி வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் ஆவி காணாமல் போய்விடும். அதனால் வாணலிக்குப் பின்னே சற்று ஒதுக்கி அரிக்கேனை வைத்தேன். அதன் சுடர் போதாததால், ஆரஞ்சுத் தாள் சுற்றிய சிறு விளக்கு ஒன்றை அதற்குப் பின்னால் மறைத்தேன். பிறகு அவருடைய பல்பை அணைக்கச் சொன்னேன்.

அவர் மாவில் தோய்த்த வாழைக்காயை எண்ணெயில் விட்டுவிட்டு, சிறிது நேரம் அதையே உற்றுப் பார்த்தார். "தம்பி, இந்த வெளிச்சத்துல பச்சை மாவும் பொன்னிறமாத்தான் தெரியுது. வெந்துச்சான்னு நான் எதை வச்சுப் பார்க்குறது?"

"சத்தம் அடங்கினா எடுத்துருங்கம்மா" என்றேன். அது தவறான யோசனை அல்ல. மாவிலும் காயிலும் உள்ள நீர் ஆவியாகி வெளியேறும் வரைதான் எண்ணெய் இரையும். நீர் குறையக் குறையக் கொதிப்பும் அடங்கும். ஆனால் அந்தத் தெருவின் ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவில் அதைக் கேட்க முடியுமா என்று நான் யோசிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பொரிப்பவருக்கு நான் பாடம் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. மாவு எண்ணெயில் விழுந்த முதல் சில நொடிகளில்தான் ஆவி மிகுதியாக எழும்பும். பஜ்ஜி வெந்து சிவக்கும்போது ஆவி மெலிந்துவிடும். ஆகவே ஆவி அழகாக விழுந்த படங்கள் எல்லாமே பாதிகூட வேகாத பஜ்ஜியின் படங்கள். வாய் ஊற வைக்க வேண்டிய சுவரொட்டியில் யாருமே தின்ன முடியாத பண்டம் இருக்கிறது.

அன்று மூன்று ஈடு வீணானது. அதற்கான பணத்தை நான் கொடுத்தேன், அவரும் வாங்கிக்கொண்டார். கணக்கு நேரானது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆயினும் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் கடை இருட்டாக இருப்பதைப் பார்த்து அடுத்த கடைக்கு நகர்ந்ததற்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. பல்பை எரியவிட்டே எடுத்திருக்கலாமே என்றும் தோன்றும். எடுத்திருந்தால் ஆவியும் வந்திருக்காது, அந்த வேலையும் எனக்குக் கிடைத்திருக்காது.

அந்த அம்மா சுவரொட்டியைப் பார்த்தால் வேகாத ஈடு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார் என்று சில நாள் அஞ்சியிருந்தேன். அந்த மஞ்சள் ஒளியில் தன்னாலும் அது முடியாது என்பதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.