132 டின் பால்

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் எங்கள் மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கு பார்க்க வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அரிசி, கோதுமை மாவு, சீனி, டின் பால், பிஸ்கட், சமையல் எண்ணெய் என்று எல்லாம் மூன்று லோரியில் ஏறி எல்பில், டோவன்பி தோட்டங்களின் பக்கத்துக் கடைகளுக்கும் டவுனைச் சுற்றியுள்ள ஒட்டுக்கடைகளுக்கும் போகும். கணினியில் கை வைப்பவர்கள் ஐந்து பேர்: ஸ்டோர் பார்க்கும் அண்ணன், சூப்பர்வைசர் தம்பி, பில் போடும் பெண், நான், முதலாளி. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஐந்து பேருக்கும் எல்லா அனுமதியும் திறந்து வைத்துவிட்டார்கள். கையிருப்பைக் கூட்டவோ குறைக்கவோ யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் என்ன நடக்கும் என்பது ஒரு திங்கட்கிழமை டின் பாலை எண்ணியபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அண்ணன் எண்ணும் விதமே தனி. ஒவ்வொரு அடுக்கின் ஓரப் பெட்டியிலும் சுண்ணக்கட்டியால் நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். அன்று எண்ணி முடித்ததும் 34 பெட்டியும் 12 உதிரி டின்னும் இருந்தன. பெட்டிக்கு 48 டின் வீதம் மொத்தம் 1,644. கணினியோ 37 பெட்டி, அதாவது 1,776 டின் என்றது.

“132 டின் கொறையுதும்மா. அட்ஜஸ்மெண்ட் போட்டுடவா?” என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. பல வருஷமாக அவர் செய்துவந்தது அதுதான். குறைந்தால் குறைத்துப் போடுவார், கூடினால் கூட்டிப் போடுவார், மாதக் கடைசியில் கணக்கும் ஸ்டோரும் ஒத்துப் போகும். டின்னுக்கு அடக்க விலை 2 வெள்ளி 60 சென். 132 டின்னுக்கு 343 வெள்ளி 20 சென். எனக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை. “கொஞ்சம் இருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை எழுதிய டெலிவரி ஆர்டர் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

இரண்டு பெட்டிக்கான காரணம் அந்தப் புத்தகத்திலேயே கிடைத்தது. சனிக்கிழமை மாலை லோரியில் ஏற்றிய சரக்குக்குக் கையால் டி.ஓ. எழுதியிருந்தார்கள். திங்கள் விடியற்காலை லோரி கிளம்பிவிட்டது. அந்த டி.ஓ. இன்னும் கணினியில் ஏறவில்லை. பில் போடும் பெண் ஒன்பது மணிக்கு மேல்தான் அதை ஏற்றுவாள். சரக்கு போய்விட்டது, கணக்கில் இன்னும் இருக்கிறது. அது 96 டின்.

மீதி 36 டின்னுக்குப் பாதி நாள் ஆனது. போன வாரத்து பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஒரு தோட்டக் கடைக்கு ஒரு பெட்டி பால் போயிருந்தது. டி.ஓ.வில் ‘1 பெட்டி’ என்றுதான் எழுதியிருக்கிறது. பில்லில் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது `CTN`க்குப் பதில் பட்டியலில் அதற்குக் கீழே இருந்த `DZN` விழுந்துவிட்டது. ஒரு டஜன் என்றால் 12 டின். போனது 48, கணக்கில் குறைந்தது 12. இரண்டும் சேர்த்தால் சரியாக 132.

யாரும் ஒரு டின்னைக்கூட எடுக்கவில்லை. அன்று காலை அண்ணன் 132ஐக் குறைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கணினியில் கையிருப்பு 1,644 ஆகியிருக்கும். ஸ்டோரிலும் 1,644. எல்லாம் சரி என்று தோன்றும். ஒன்பது மணிக்கு டி.ஓ. ஏறியவுடன் கணக்கு 1,548க்கு இறங்கிவிடும். ஸ்டோரில் இருக்கும் 96 டின் கணக்கிலேயே இருக்காது. அந்த இரண்டு பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போனாலும் அடுத்த எண்ணிக்கை ஒத்துப்போகும், யாருக்கும் தெரியாது. அந்த 36 டின் கதை இன்னும் மோசம். கடைக்காரரிடம் டின்னுக்கு 2 வெள்ளி 90 சென் வீதம் நாம் வாங்க வேண்டிய 104 வெள்ளி 40 சென் அது. சரக்குக் குறைந்ததாக நாமே எழுதிவிட்டால், பில்லில் தப்பு என்று யாரும் தேடப் போவதில்லை. கடைக்காரர் நல்லவர். போன் போட்டுச் சொன்னதும் அடுத்த நடையிலேயே பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதை முதலாளியிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்போ இத்தன வருஷமா போட்டதெல்லாம்?” என்னிடம் பதில் இல்லை. பழையவற்றைத் தோண்ட வழியும் இல்லை. காரணம் எழுதும் இடத்தில் எல்லாவற்றுக்கும் ‘அட்ஜஸ்ட்’ என்றே இருந்தது.

அடுத்த வாரம் அனுமதிகளை மாற்றினோம். முதலில், எண்ணப் போகும் தாளில் கணினியின் கையிருப்பு அச்சாகாமல் செய்தோம். 37 என்று தாளில் இருந்தால், களைத்துப்போன கண் 37ஐத்தான் பார்க்கும். எண்ணுவதற்கு முன்பு கையில் இருக்கும் டி.ஓ. எல்லாம் ஏறிவிட்டது என்று பில் பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் எண்ணியதைப் பதிவார். வித்தியாசம் வந்தால் அவரே குறைக்கவோ கூட்டவோ முடியாது, வரைவாக மட்டும் போட்டு வைக்கலாம். சூப்பர்வைசர் காரணத்தைத் தேடி எழுதி உறுதி செய்வார். அடக்க விலையில் நூறு வெள்ளிக்கு மேல் போனால் முதலாளிக்குப் போகும். உறுதி செய்ததை யாரும் திருத்த முடியாது. தப்பு என்றால் எதிர்ப்பதிவு ஒன்று போட வேண்டும், பழையதும் அங்கேயே நிற்கும். முடிந்த மாதத்துக்குள் தேதி போட்டு எதையும் நுழைக்க முடியாது. அழிக்கும் அனுமதியை முதலாளி உட்பட ஒருவருக்கும் வைக்கவில்லை. இந்த நாட்டில் வருமான வரிக்காகக் கணக்குத் தாள்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். கணினியில் அழிந்து போனதற்குத் தாளில் என்ன பதில் சொல்வது?

கெட்டுப்போன சரக்கைக் கழித்து எழுதுவதை இதோடு சேர்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். எண்ணிக்கை வித்தியாசம் என்றால், சரக்கு எங்கே என்று தெரியாது. கெட்ட சரக்கு என்றால், அது கண்ணெதிரே இருக்கிறது, விற்க முடியாது, அவ்வளவுதான். அதனால் அதற்கு `DMG` என்று ஒரு தனி இடம் திறந்தோம். ஸ்டோரில் கழிவறைப் பக்கம் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு மூலை அது. நசுங்கிய டின், எலி கடித்த மாவுப் பை, தேதி முடிந்த பிஸ்கட் எதுவானாலும் அண்ணன் யாரையும் கேட்காமல் அங்கே மாற்றலாம். அதனால் கணக்கின் மதிப்பு ஒரு சென்னும் மாறாது, பில் பெண் தவறியும் அதை விற்கவும் முடியாது. அங்கிருந்து கழித்து எழுதும் உரிமை மட்டும் சூப்பர்வைசருக்கும் முதலாளிக்கும்தான். அவர்கள் மஞ்சள் மூலைக்கு வந்து பார்த்து, படம் எடுத்து இணைத்த பிறகுதான் எழுதலாம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. முன்பெல்லாம் நசுங்கிய டின்னை உடனே கழித்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இப்போது மூலையில் நிற்பதால், கம்பெனி சேல்ஸ்மேன் வரும்போது அவர் கண்ணில் படுகிறது. சிலதை மாற்றிக் கொடுக்கிறார், சிலதற்குக் கிரெடிட் நோட் கொடுக்கிறார். கழித்து எழுதுவது கடைசி வழி. அதற்கு முன் சரக்கைத் திருப்பி அனுப்பும் வழி இருக்கிறதா என்று பார்க்க நாளும் இடமும் வேண்டும்.

மூன்று மாதம் கழித்துச் சூப்பர்வைசரின் பதிவுகளை வரிசையாகப் பார்த்தேன். ஒரே சரக்கில், ஒரே வாரத்தில் 94 வெள்ளி, 97 வெள்ளி, 91 வெள்ளி என்று மூன்று இருந்தன. கேட்டதற்கு, “முதலாளி தைப்பிங் போயிருந்தாருக்கா, அவர எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு பிரிச்சுப் போட்டேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் நூறு வெள்ளி எல்லைக்கு அதோடு அர்த்தம் போய்விடும். இப்போது ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்ப்பதில்லை. ஒரு மாதத்தில் ஒரு சரக்குக்கு ஒருவர் மொத்தம் எவ்வளவு குறைத்தார் என்ற கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறேன். முதலாளி ஊரில் இல்லாத நாட்களில் அவர் மகளுக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று உரிமையை மாற்றிக் கொடுக்கிறோம். முன்பு அதற்கும் ஒரு குறுக்கு வழி இருந்தது. முதலாளியின் பாஸ்வேர்டு பில் கவுண்டரில் கால்குலேட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும்.

இன்னொரு கதவைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆனது. அட்ஜஸ்மெண்ட் குறைந்ததும் இலவசச் சரக்கு கூடியது. பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்று பூஜ்ய விலையில் பில் போடுவோம் அல்லவா, அது பில் போடும் யாருக்கும் திறந்திருந்தது. பூஜ்ய விலை பில்லும் சரக்கைக் குறைக்கும், யாரிடமும் ஒப்புதல் கேட்காது. மாவுப் பை கிழிந்தால் அதை ஏதாவது கடைக்கு இலவசம் என்று எழுதி முடித்துவிட்டிருந்தார்கள். அதனால் இப்போது பூஜ்ய விலை வரிகளும் அதே ஒப்புதலுக்குப் போகின்றன. ஒரு வழியை அடைத்தால், சரக்கைக் குறைக்கக்கூடிய மற்ற எல்லா வழிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நான் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஐந்து பேர் மட்டும் கணினியில் கை வைக்கும் இடத்தில் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது என்பதும் உண்மை. தீபாவளிக்கு முந்திய வாரம் சூப்பர்வைசரே இறங்கிச் சரக்கு எண்ணுவான். அந்த வாரம் அவன் எண்ணியதை அவனே உறுதி செய்ய சாஃப்ட்வேர் விடாது. எல்லாம் முதலாளிக்கே போகும். அவர் சலித்துக்கொள்வார். பரவாயில்லை.

கடைசியில் மிச்சமிருந்தது முதலாளி எடுக்கும் சரக்குதான். கோயில் அன்னதானத்துக்கு அரிசி, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எண்ணெய், சீனி. சொந்தக் கடை என்பதால் யாரும் எழுதுவதில்லை. அந்தக் குறைவெல்லாம் அண்ணனின் எண்ணிக்கையில் வந்து விழும். ஒருமுறை ஆறு மூட்டை அரிசி குறைந்தபோது முதலாளியே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்ததை நான் கண்டேன். எடுத்தது தன் தம்பி மகன் என்று இரண்டு நாள் கழித்து அவருக்கே நினைவு வந்தது. அண்ணன் அந்த இரண்டு நாளும் மதியம் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் `OWN` என்று ஒரு காரணத்தைச் சேர்த்தோம். முதலாளி எடுத்தால் அண்ணன் ஒரு சீட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தத்துக்கு எடுத்த சரக்கைக் கணக்கில் காட்டத்தான் வேண்டும் என்று எங்கள் ஆடிட்டரும் முன்பே சொல்லியிருந்தார்.

போன தைப்பூசத்துக்கு நாலு மூட்டை சீனி முதலாளியின் காரில் ஏறியது. அண்ணன் சீட்டோடு வெளியே வந்து, காரின் முன்பக்கத்தில் அதை வைத்து, பேனாவை நீட்டினார். முதலாளி ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அண்ணன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து முதல் வேலையாக அதைக் கணினியில் ஏற்றினார்.