மகளைத் தேடி வந்தார்கள், அப்பாவைத் தேடி யாரும் வரவில்லை

மகளுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட வேண்டிய நாளன்று அவளுக்குக் காய்ச்சல். கிளினிக்குக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலை எங்கள் பகுதி மிட்வைஃப் அக்கா போன் எடுத்தா. "பிள்ளையின்ர பேருக்கு நேர இன்னும் வெறுமையாக் கிடக்குது. என்ன நடந்தது?" அடுத்த கிளினிக் நாளில் ஊசி போட்டாயிற்று.

அதே வீட்டில், ஏறக்குறைய அதே மாதங்களில், அப்பா ஏழு வாரம் பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் எடுக்காமல் இருந்தார். ஒருவரும் போன் எடுக்கவில்லை. காலில் செருப்பு வார் உரசிய சின்னப் புண் இரண்டு வாரமாகியும் ஆறாததைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அப்பா புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் முப்பது வருஷம் நின்றே வேலை செய்தவர். அந்த நேரம் நான் வார இறுதிகளில் பொதுச் சுகாதார டிப்ளோமா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் படித்ததும் வீட்டில் நடந்ததும் ஒன்றோடொன்று மோதிய அந்த எட்டு மாதத்தை, இதே வழியில் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மகள் பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் அக்கா இரண்டு தரம் வீட்டுக்கு வந்தா. தொப்புளையும் என் தையலையும் பார்த்தா. நான் இரவில் அழுகிறேனா என்று கேட்டா, குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டா. திண்ணையில் இருந்த அப்பாவின் வீங்கின கால்களையும் பார்த்தா. "அக்கா, அப்பாவையும் ஒருக்கா பாருங்கோவன்" என்று நான் கேட்டதற்கு, "ஐயாவின்ர பேர் என்ர ரெஜிஸ்டர்ல இல்லை, பிள்ளை. ஆனா முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு இலவசமா சோதிக்கிற இடம் இருக்கு, அங்க கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா.

அவ சொன்னது ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எனப்படும் நிலையங்களைத்தான். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க 2011 முதல் அரச சிகிச்சை நிலையங்களில் நடக்கிறது. வெறும் வயிற்றோடு போனோம். எடை, உயரம், இடுப்புச் சுற்று, பிரஷர் எல்லாம் எடுத்து, விரல் நுனியில் குத்திச் சீனியும் பார்த்தார்கள். அப்பாவுக்கு பிரஷர் 150/96, சீனி 168. வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனாலே நீரிழிவு என்று சந்தேகிக்க வேண்டும், பிறகு இரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். வயது, பிரஷர், புகைப்பழக்கம் முதலியவற்றை நிறக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டவணையில் வைத்து, பத்து வருஷத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் சாத்தியத்தையும் மதிப்பிட்டார்கள். கையில் ஒரு துண்டு தந்து, பெரிய வைத்தியசாலையொன்றின் மெடிக்கல் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். அந்தத் துண்டு போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய இடம் பிறகு கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் வழியும் இருக்கவில்லை.

கிளினிக்கில் விடியற்காலையில் நம்பர் எடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் மாதம் பிரஷர் குளிசை முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கோ என்றார்கள். அப்பா வாங்கினார். நான்காம் மாதமும் அதே பதில். அதற்கடுத்த திகதிக்கு அவர் போகவேயில்லை. "இல்லையெண்டு சொல்லத்தானே போறாங்கள், அதுக்கு ஏன் விடிய நாலு மணிக்கு எழும்ப வேணும்?" அவர் யோசிக்காத ஒன்று இருந்தது: சீனிக்கான மெட்ஃபோமின் அங்கே எப்போதும் இருந்தது. இல்லாத ஒரு குளிசைக்காக, இருந்த குளிசையையும் சேர்த்து விட்டுவிட்டார். புண்ணைப் பார்த்து நான் ஓடிப்போய்ச் சோதித்தபோது சீனி 241.

அந்த வாரம்தான் வகுப்பில் ஒப்படை. ஒரு சுகாதார முறைமைக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்ன ஆறு கட்டுமானக் கூறுகளை ஏதாவது ஒரு நோயாளியின் அனுபவத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: சேவை வழங்கல், சுகாதார ஆளணி, தகவல், மருந்தும் தடுப்பூசியும் கருவிகளும், நிதி, தலைமைத்துவமும் ஆட்சியும். நான் அப்பாவை எழுதினேன். உடைந்தது மருந்துக் கூறு, மருந்து இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திராது என்று முடித்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: "மருந்து தீர்ந்தது ஒரு நாள். ஏழு வாரமாக ஏன் யாருக்கும் தெரியவில்லை?"

அந்தக் கேள்வியோடு திரும்ப உட்கார்ந்தபோதுதான் கண் திறந்தது. கிளினிக்கில் எண்ணுவது வந்தவர்களை. இன்றைக்கு இத்தனை பேர், இத்தனை குளிசை கொடுத்தோம் என்று கணக்கு ஏறும். அப்பா வராத நாளில் அந்த எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான். அவருடைய வரலாறு முழுக்க அவர் கையில் இருந்த கிளினிக் கொப்பியில்தான். அவர் வராவிட்டால் கொப்பியும் வராது. மிட்வைஃப் அக்காவின் ரெஜிஸ்டரோ தன் பகுதிக் குடும்பங்களிலிருந்து தொடங்குகிறது. யார் இருக்கிறார்கள் என்று முதலில் எழுதுவதால், யார் வரவில்லை என்பது வெற்றுக் கட்டமாகத் தானே தெரிகிறது. சுமார் 3000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது இங்கே வைத்திருக்கும் இலக்கு. அதனால் ஒரு மனுசி ஒரு பகுதியை மனதில் வைத்திருக்கக் கூடியதாக இருக்கிறது. வளர்ந்தவர்களின் நாட்பட்ட நோய்க்கு அப்படி வீடு வீடாக அறிந்த ஆள் இல்லை. டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, எங்கள் பூச்சாடித் தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போவார்; அப்பாவின் பிரஷர் அவருடைய வேலையில் இல்லை.

கொழும்பில் இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. மிட்வைஃபும் பி.எச்.ஐ.யும் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். அப்பா போன பெரிய வைத்தியசாலை நேரே சுகாதார அமைச்சின் கீழ். நகரத்தைத் தாண்டினால் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையிடம். ஒரே ஒழுங்கையில் வாழும் ஒரே குடும்பம் இரண்டு நிர்வாகங்களுக்கிடையில் போய்வருகிறது, ஒன்றின் கொப்பியை மற்றது பார்ப்பதில்லை. இது ஆட்சிக் கூறு. ஆனால் எங்கள் வீட்டில் அது தகவல் இல்லாத குறையாக, பிறகு ஆறாத புண்ணாகத் தெரிந்தது. ஆறு கூறுகளையும் தனித்தனிப் பெட்டியாக வைத்துப் பார்த்தால் கடைசியாக உடைந்ததை மட்டும்தான் காண்போம்.

இதற்குப் பிறகுதான் முழுமையான ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கும் தெரிவுசெய்யப்பட்ட பராமரிப்புக்கும் இடையிலான பழைய விவாதம் எனக்கு விளங்கியது. 1978 செப்டெம்பரில் அல்மா-ஆட்டாவில் கூடிய நாடுகள், மருந்தோடு உணவு, குடிநீர், கல்வி, மக்களின் பங்கேற்பு எல்லாம் சேர்ந்ததே ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு என்று பிரகடனம் செய்தன. அடுத்த வருஷமே வால்ஷ், வாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதற்குப் பணம் போதாது, அதிகம் உயிர் பறிக்கும் சில நோய்களைத் தெரிந்தெடுத்து, மலிவாகத் தடுக்கக் கூடியதை முதலில் செய்வோம், இது இடைக்கால வழி என்று எழுதினார்கள். அதன் வழியே 1980களில் யுனிசெஃப் நான்கைப் பிடித்துக்கொண்டது: பிள்ளையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், வாய்வழி நீரேற்றக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி. அதனால் ஏராளமான பிள்ளைகள் பிழைத்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நான்கில் அப்பா இல்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைசல் கொடுத்தபின் அதே பிள்ளை திரும்பக் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரும் இல்லை.

அப்படியென்றால் தாய் சேய்க்கு மட்டும் வரும் எங்கள் மிட்வைஃபின் வேலையும் தெரிவுசெய்யப்பட்டதுதானே என்று நான் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு ஒரு நோயை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. பிரசவம், பாடசாலைப் பிள்ளைகள், கிணறு, மலசலகூடம் எல்லாம் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்களின் வேலை. அல்மா-ஆட்டாவுக்கு 52 வருஷம் முந்தியது அது. என் பேறுகாலப் புண்ணைப் பார்க்க வந்தவ குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டது அந்த வழக்கத்தால்தான். அவவின் வேலைமுறை முழுமையானது. ரெஜிஸ்டரில் ஏறும் ஆட்கள்தான் குறைவு. அப்பாவைக் கண்டுபிடித்த நிலையம் அதற்கு நேர்மாறு: கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் வேலை சில அளவீடுகளோடும் ஒரு துண்டோடும் முடிந்துவிடுகிறது. சோதனை அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம், சோதித்த பிறகு அவரை யாராவது தங்கள் ஆளாக வைத்திருந்தால்.

2018க்குப் பிறகு வந்த சீர்திருத்தத் திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. ஒவ்வொரு ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுக்கும் குறித்த மக்களை ஒதுக்கி, ஆளுக்கொரு சுகாதார இலக்கம் கொடுத்து, சிறிய நிலையங்களைப் பெரிய வைத்தியசாலையொன்றோடு கொத்தாக இணைப்பது அதன் எண்ணம். எங்கள் ஒழுங்கையில் அப்பாவை யாரும் அப்படிப் பதிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நாங்களே செய்தோம். பெரிய கிளினிக்கில் டொக்டரிடம் நடந்ததைச் சொல்லி, குளிசைகளின் பெயர், அளவு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் எழுதிய கடிதம் ஒன்று கேட்டு வாங்கினேன். அதோடு நடந்து போகும் தூரத்திலுள்ள ஒரு சிறிய அரச சிகிச்சை நிலையத்துக்கு மாறினோம். கடிதம் இல்லாமல் போயிருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருப்பார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை மட்டும் பெரிய இடம். முதல் நாளே கால் விரல்களுக்கிடையில் பார்த்துப் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்தார்கள், கண் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். கேட்காமல் கிடைத்தது அதில் பாதிதான். கண்ணைப் பற்றி நான்தான் கேட்டேன்.

அங்கே ஒரு நர்ஸ் மிஸ், சீனிக்காரருக்கென்று சொந்தமாக ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறா. பெயர், போன் நம்பர், அடுத்த திகதி. திகதி தாண்டினால் தன் போனிலிருந்து எடுப்பா. மாற்றலாகிப் போனால் அந்தக் கொப்பியை யார் பார்ப்பது என்று கேட்டேன். "அதுதான் எனக்கும் யோசனை, மகள்" என்றா. இப்போது அப்பாவின் சீனி வெறும் வயிற்றில் 130ஐச் சுற்றி நிற்கிறது, புண் ஆறிவிட்டது. போன மாதம் மழையால் அவர் போகவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.